முதல் ஒரு மணித்தியாலம்: எமது சங்கங்கள் எழுதி வைக்க வேண்டிய ஒரு தாள்

2025 ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை. பிரித்தானியாவில் நாம் தொண்டாற்றும் வாரவிடுமுறைத் தமிழ்ப் பாடசாலையின் வாயிலிலே, காலை ஒன்பது நாற்பதுக்கு, மண்டபத்தின் மேலாளர் எமது காரியதரிசியை மறித்து, இத்தவணைக்குரிய வாடகை ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று வினவினார். மூவாயிரத்து அறுநூறு பவுண் முன்தினம் மாலையே அனுப்பப்பட்டுவிட்டது என்றார் காரியதரிசி. தமக்கு எதுவும் வரவில்லை என்றும், மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் எம்மிடமிருந்து மறுமொழி இல்லை என்றும் மேலாளர் சொன்னார். அம்மூன்று மின்னஞ்சல்களுள் ஒன்றையேனும் எம்மவர் எவரும் கண்டதில்லை.

அந்த நிமிடத்திலிருந்து நண்பகல் வரை நாம் செய்தவையெல்லாம் பிழையானவை. அவற்றை மறைக்காது இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. எம்மைப் போன்ற சங்கங்கள், பாடசாலைகள், முதியோர் நிலையங்கள் இந்நாட்டில் பல உள. அவற்றுட் பலவற்றில் கணனிக்கென்று பொறுப்பானவர் ஒருவரே, அவரும் பகுதிநேரத்தவர். எமது கணனிப் பொறுப்பாளர் செவ்வாயும் வியாழனும் மாலையில் வருவார். மற்றைய நாட்களில் அவர் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறார். அங்கே கைத்தொலைபேசியை வாயிலிலே பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்லலாம். ஆபத்து செவ்வாயும் வியாழனும் பார்த்து வருவதில்லை.

நடந்தது இதுதான். அதற்கு முந்திய திங்களன்று எமது பொருளாளருக்கு, தெரிந்த ஒருவரின் பெயரில், ஓர் ஆவணத்தைப் பார்க்குமாறு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பு, நாம் நாளாந்தம் காணும் உள்நுழைவுப் பக்கத்தை அச்சொட்டாக ஒத்த ஒரு பக்கத்துக்கு அவரை அழைத்துச் சென்றது. கடவுச்சொல்லை இட்டார், கைத்தொலைபேசியில் வந்த சரிபார்ப்புக்கும் சம்மதம் கொடுத்தார். ஆவணம் எதுவும் திறக்கவில்லை. நடுவே நின்ற அந்தப் போலிப் பக்கம் அவர் கொடுத்ததை உண்மையான பக்கத்துக்கு அனுப்பி, உள்ளே நுழைந்தமைக்கு அடையாளமாகக் கிடைக்கும் அமர்வுச் சான்றைத் தனக்கு எடுத்துக் கொண்டது. இனி அக்கள்வனுக்குக் கடவுச்சொல் தேவையில்லை. வாயிலைத் தாண்டியவனிடம் அனுமதிச் சீட்டை எவரும் மீண்டும் கேட்பதில்லை.

அவன் நான்கு நாட்கள் பொருளாளரின் அஞ்சற்பெட்டியை அமைதியாக வாசித்தான். மண்டப வாடகை பற்றிய கடிதத் தொடரைக் கண்டான். அப்பெட்டியில் ஒரு விதியை ஏற்படுத்தினான்: மேலாளரிடமிருந்து வரும் எந்த மின்னஞ்சலும் உடனே RSS Feeds என்னும் உறைக்குள் சென்றுவிட வேண்டும். அந்த உறையை எம்மில் எவரும் திறந்து பார்ப்பதில்லை. பின்னர் மேலாளரின் முகவரியைப் போன்று ஓரெழுத்து மட்டும் வேறுபட்ட ஒரு முகவரியிலிருந்து, தமது வங்கிக் கணக்கு மாறிவிட்டதென்றும், புதிய கணக்கு வேறு பெயரில் இருப்பதால் வங்கி பெயர்ப் பொருத்தமின்மை காட்டினாலும் பொருட்படுத்த வேண்டாமென்றும் எழுதினான். வெள்ளி மாலை உதவிப் பொருளாளர் பணத்தை அனுப்பும்போது வங்கி அந்த எச்சரிக்கையைக் காட்டியது. கடிதத்தில் முன்னரே சொல்லியிருந்தபடியால் அவர் ஐயுறவில்லை.

இனி எமது பிழைகள். சனி காலை பத்து மணி முதல் கணனிப் பொறுப்பாளருக்கு ஏழு தடவை தொலைபேசி எடுத்தோம். அவர் பதினொன்றரைக்குத்தான் எடுத்தார். காத்திருந்த வேளையில், "பொருளாளரின் அஞ்சற்பெட்டிக்குள் யாரோ புகுந்துள்ளனர்" என்று நிர்வாகசபையினர் அனைவருக்கும் மின்னஞ்சல் எழுதினோம். அதன் பிரதி பொருளாளரின் பெட்டிக்கும் சென்றது. கள்வன் அதை வாசித்தான். தன் நேரம் முடிந்தது என்றறிந்தவன், பத்தரை மணிக்குப் பெற்றோருக்கெல்லாம், பரீட்சைக் கட்டணம் நாற்பத்தைந்து பவுணை இன்றே புதிய கணக்கிற்குச் செலுத்துமாறு பொருளாளர் பெயரில் எழுதினான். இரண்டு தாய்மார் செலுத்தினர். வங்கிக்கு நாம் தொலைபேசி எடுத்தது பன்னிரண்டு மணிக்கு. கடவுச்சொல்லை மாற்றியது அதற்குச் சற்று முன்னர். மாற்றிவிட்டோம் என்று நிம்மதியடைந்தோம். மாலை ஆறு மணிக்கு அதே பெட்டியிலிருந்து மீண்டும் போலிக் கடிதங்கள் சென்றன. ஏனெனில் அவனது அமர்வு திறந்தபடியே இருந்தது.

இந்த அனுபவத்திலிருந்து நாம் கொண்ட கருத்து ஒன்றே. முதல் ஒரு மணித்தியாலத்துக்கான திட்டத்தைக் கணனிப் பொறுப்பாளரின் பெயரோடு தொடங்கலாகாது. அவர் கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டாலும் நடந்தேற வேண்டிய வேலைகளையே அத்திட்டம் சொல்ல வேண்டும். அம்மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவற்றுட் பெரும்பகுதிக்குக் கணனி அறிவு தேவையில்லை. ஒரு தொலைபேசியும், ஒரு கொப்பியும், முன்கூட்டியே கொடுக்கப்பட்ட அதிகாரமுமே தேவை.

முதற் பத்து நிமிடங்கள்

கண்டவர் எவராயினும் அவர் முதலில் நேரத்தைக் கொப்பியில் எழுத வேண்டும்: யார், என்ன கண்டார், எத்தனை மணிக்கு. இது சடங்கன்று. தனிப்பட்டவர்களின் தகவல்கள் வெளியாகி, அதனால் அவர்களுக்குத் தீங்கு நேரக்கூடுமாயின், அறிந்த வேளையிலிருந்து எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் தகவற் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் அரச அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டுமென்பது பிரித்தானியச் சட்டம். அந்தக் கடிகாரம் எப்பொழுது ஓடத் தொடங்கியது என்பதற்கு அக்கொப்பியே சாட்சி. சனியும் ஞாயிறும் அக்கணக்கில் அடங்கும்.

அடுத்து, இருவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மின்னஞ்சலில் அன்று. எந்தப் பெட்டி களவாடப்பட்டதென்று முழுதும் தெரியாதவரை, சங்கத்தின் எல்லா அஞ்சற்பெட்டிகளிலும் கள்வன் இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். இதற்காக நிர்வாகசபையினரின் தொலைபேசி இலக்கங்கள் காகிதத்தில் இருத்தல் அவசியம். கணனிக்குள் இருக்கும் பட்டியல் அன்றைக்கு உதவாது. அழைக்கப்பட்ட இருவருள் ஒருவர் பணத்தைப் பார்ப்பார், மற்றவர் கணக்கைப் பூட்டுவார். இரண்டும் ஒரே வேளையில் நடக்க வேண்டும். கண்டவர் கொப்பியோடு இருப்பார்.

பணம்

பணத்துக்குப் பொறுப்பானவர் வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு உடனே பேச வேண்டும். அல்லது 159 என்ற இலக்கத்தை அழுத்தினால் இந்நாட்டின் பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுக்கு இணைப்புக் கிடைக்கும். ஐயத்துக்குரிய கடிதத்தில் அச்சிடப்பட்ட இலக்கத்துக்கு ஒருபோதும் பேசலாகாது. இங்கே அனுப்பப்படும் பணம் பெரும்பாலும் சில வினாடிகளிலே மறுகணக்கைச் சேர்ந்துவிடுகிறது. அங்கிருந்து அது வேறு கணக்குகளுக்குப் பிரிக்கப்பட்டு மறையும். வங்கி அழைக்கப்படும் நேரமே எஞ்சியதை நிறுத்தும் நேரம். எமது வழக்கில் பணம் போய்ப் பதினேழு மணித்தியாலம் கழிந்த பின்னரே நாம் விடயத்தை அறிந்தோம். அதன்மேல் மேலும் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடத்தை நாமே வீணாக்கினோம்.

இவ்விடத்தில் எமது வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு விதி உண்டு. 2024 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7 ஆம் திகதி முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தையும் வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆண்டு வருமானம் பத்து இலட்சம் பவுணுக்குக் குறைந்த தொண்டு நிறுவனங்களும் அவ்விதிக்குள் அடங்கும். உச்ச எல்லை எண்பத்தையாயிரம் பவுண். ஆயின் வங்கி நூறு பவுண் வரை கழித்துக் கொள்ளலாம். வாடிக்கையாளர் மிகுந்த அசட்டையாக நடந்தார் என்று நிறுவினால் மறுக்கவும் செய்யலாம். எமது உதவிப் பொருளாளர் பெயர்ப் பொருத்த எச்சரிக்கையைத் தாண்டிச் சென்றமை பற்றிப் பல கேள்விகள் வந்தன. போலிக் கடிதத்தையும் கொப்பியையும் காட்டிய பின், சில வாரங்களில், மூவாயிரத்து ஐந்நூறு பவுண் எமக்குத் திரும்பியது. அந்த இரண்டு தாய்மாருக்கோ ஒன்றும் திரும்பவில்லை. அவர்கள் இழந்தது நாற்பத்தைந்து பவுண். அவர்களது வங்கிகள் கழிக்கும் தொகையோ நூறு. பெரிய இழப்புக்குக் காவல் இருந்தது, ஏழையின் சிறிய இழப்புக்கு இல்லை. அப்பணத்தைப் பாடசாலையே அவர்களுக்குக் கொடுத்தது. நாம் பத்து மணிக்கே பெட்டியைப் பூட்டியிருந்தால் அக்கடிதம் பெரும்பாலும் போயே இராது.

கணக்கைப் பூட்டுதல்

கணக்கைப் பூட்டுபவர் செய்ய வேண்டியது நான்கே செயல்கள். ஆனால் வரிசை முக்கியம். எமது பாடசாலை பயன்படுத்துவது மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் மின்னஞ்சற் சேவை. அதன் நிர்வாகப் பக்கத்தில் பொருளாளரின் பெயரைத் தெரிவு செய்தவுடன் Block sign-in என்றொரு தெரிவு உண்டு. முதலில் அதை அழுத்துக. இதனால் புதிதாக எவரும் உட்புக முடியாது. அடுத்து Sign out of all sessions. முன்னரே உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவது இதுவே. நாம் விட்ட பிழையும் இதுவே. இது உடனே நடந்துவிடுவதில்லை. சில இடங்களில் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம். ஆதலாற்றான் இதை முந்திச் செய்ய வேண்டும். மூன்றாவதாகவே கடவுச்சொல்லை மாற்றுதல். நான்காவதாக, பொருளாளரின் கணக்கில் பதிவாகியுள்ள சரிபார்ப்பு வழிகளைப் பார்த்தல்: அங்கே அறிமுகமில்லாத கைத்தொலைபேசி ஒன்று சேர்க்கப்பட்டிருப்பின், கள்வன் தனக்கொரு மாற்றுத் திறப்பு வெட்டி வைத்திருக்கிறான் என்று பொருள்.

இவற்றைச் செய்ய நிர்வாகி அதிகாரம் வேண்டும். எமக்கு அது கணனிப் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. இன்று இரண்டாவது நிர்வாகி கணக்கொன்றை ஏற்படுத்தி, அதன் கடவுச்சொல்லை ஓர் உறையிலிட்டு முத்திரை வைத்துத் தலைவரின் வீட்டில் வைத்திருக்கிறோம். இதை மட்டும் செய்து திருப்தியடையும் சங்கங்கள் ஏமாறும். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் அந்த நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய இரண்டாம் சரிபார்ப்பையும் அந்நிறுவனம் கட்டாயமாக்கத் தொடங்கியது. கடவுச்சொல் உறையிலும், சரிபார்ப்பு கணனிப் பொறுப்பாளரின் கைத்தொலைபேசியிலும் இருந்தால் அந்த உறை வெறுங் காகிதமே. ஆகவே உறைக்குள் ஒரு பாதுகாப்புத் திறப்பும் இருக்கிறது: கணனியில் செருகும் விரலளவான சிறு பொருள், அக்கணக்குக்கென்றே முன்கூட்டிப் பதிவு செய்யப்பட்டது. ஆண்டுக்கொருமுறை உறையைத் திறந்து, உட்புக முடிகிறதா என்று பார்த்து, மீண்டும் முத்திரை வைக்கிறோம்.

பூட்டிய பின்னும் ஓர் அபாயம் எஞ்சும். கள்வன் ஏற்படுத்திய விதிகள் சேவையகத்தில் இயங்குபவை. கணக்கைப் பூட்டினாலும் அவை உறங்குவதில்லை. வரும் கடிதங்களை வெளி முகவரிக்கு அனுப்பும் விதி இருந்தால், பூட்டிய பெட்டியிலிருந்தும் கடிதம் கசிந்து கொண்டே இருக்கலாம். இந்த இடத்திற்றான் கணனி தெரிந்தவரின் உதவி உண்மையில் வேண்டும். அவர் எங்கிருந்தாலும், இணைப்பு ஏற்படுத்தி, இவ்வொரு கட்டளையால் விதிகள் யாவற்றையும் காணலாம்:

```
Get-InboxRule -Mailbox treasurer@example.org -IncludeHidden
```

பெயரே இல்லாத அல்லது ஒற்றைப் புள்ளியைப் பெயராகக் கொண்ட விதியிருப்பின் அது பெரும்பாலும் கள்வனுடையதே. அழிக்குமுன் படம் பிடித்துக் கொள்ள வேண்டும். அந்த விதியே அவன் எதை மறைக்க விரும்பினான், யாரைக் குறிவைத்தான் என்பதை எமக்குச் சொல்லும். போலிக் கடிதங்களையும் அழிக்கலாகாது. வங்கி கேட்கப் போகும் சான்று அவையே. உள்நுழைவுப் பதிவேடு இலவசச் சேவையில் ஏழு நாட்களே நிற்கும். ஆதலால் அதைப் பிரதி எடுத்து வைப்பதை அடுத்த செவ்வாய்க்கு ஒத்திவைத்தல் கூடாது. எமது வழக்கில் கள்வன் நுழைந்தது திங்கள். செவ்வாய்க்குள் அந்தத் திங்களின் பதிவு அழிந்திருக்கும்.

அறிவித்தல்

நாற்பதாவது நிமிடமளவில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசியிலும் வாட்ஸ்அப் குழுவிலும், முன்னரே எழுதி வைத்த நான்கு வரிகளைக் கொண்டு: பொருளாளரின் மின்னஞ்சலிலிருந்து வரும் எதையும் நம்ப வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம், இணைப்பைத் திறக்க வேண்டாம், அனுப்பியிருந்தால் உமது வங்கிக்கு இப்பொழுதே பேசுக. எப்படி நடந்தது, யார் பிழை என்பவற்றை அதில் எழுதலாகாது. அந்த வேளையில் எவருக்கும் அது தெரியாது. தெரிந்ததுபோல் எழுதிய ஒரு சொல் எமது சமூகத்தில் ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் துரத்தும்.

அம்மணித்தியாலம் முடியுமுன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது? கட்டணச் சிட்டைகள் மட்டுமென்றே நாம் நினைத்தோம். தேடியபோது, உள்நாட்டமைச்சுக்குக் கொடுப்பதற்காகப் பெற்றோர் அனுப்பிய கடவுச்சீட்டுப் பிரதிகளும், அகதி வழக்குக்காகப் பாடசாலை எழுதிய கடிதங்களும், இரு பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளும் இருந்தன. ஊரிலே இன்னும் உறவினரைக் கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, தாம் எவ்விடத்தில் எக்காரணம் சொல்லி வாழ்கிறோம் என்பது பிறர் கையில் அகப்படுவது, மூவாயிரம் பவுணிலும் பெரிய விடயம். அக்குடும்பங்களுக்கு நேரிலே சென்று சொன்னோம். அபாயம் பெரிதாயின் உரியவர்களுக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டுமென்பது சட்டமும் கூட. அந்நிலையில் மேற்பார்வை அலுவலகத்துக்கும், தொண்டு நிறுவனங்களின் ஆணைக்குழுவுக்கும், பொலிசாருக்கும் அறிவிப்பது திங்களன்றே முடிய வேண்டிய வேலை. அதற்கு வேண்டிய நேரக்குறிப்புகள் முதல் மணித்தியாலத்திலேயே சேர்க்கப்பட வேண்டும்.

அதிகாரமும் வெட்கமும்

இரண்டு தீர்மானங்களை எமது நிர்வாகசபை பின்னர் நிறைவேற்றியது. அவை இல்லாமல் மேற்கூறிய தாள் பயன்படாது என்பது எமது துணிபு.

முதலாவது: ஐயம் தோன்றினால், நிர்வாகசபையின் எந்த உறுப்பினரும், எவரது அனுமதிக்கும் காத்திராது, எவரது கணக்கையும் (தலைவரின் கணக்கையும் சேர்த்து) பூட்டலாம், வங்கியிடம் கொடுப்பனவுகளை நிறுத்தும்படி கேட்கலாம். ஐயம் பொய்யானால் அரை நாள் வேலை கெடும், அவ்வளவே. அன்று காலை எம்மில் ஒருவர், "பொருளாளரைக் கேளாமல் அவருடைய கணக்கைத் தொடுவது மரியாதையன்று" என்றார். அந்த மரியாதைக்கு நாம் கொடுத்த விலை ஒன்றரை மணித்தியாலம்.

இரண்டாவது: தவறான இணைப்பைத் திறந்துவிட்டேன் என்று வந்து சொல்பவரிடம் ஏன் திறந்தீர் என்று எவரும் கேட்பதில்லை. எமது பொருளாளர் ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். முப்பது ஆண்டுகள் கணக்கில் ஒரு சதம் பிசகாதவர். திங்களன்றே தமக்கு ஏதோ நெருடியதென்றும், இளையவர்கள் முன் கணனி தெரியாதவளாக நிற்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டதாகவும் பின்னர் கண்ணீரோடு சொன்னார். திங்கள் மாலை அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால், செவ்வாயன்று கணனிப் பொறுப்பாளர் வந்து பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடியிருப்பார். அவரைச் சொல்ல விடாதது நாம் முன்னர் பிறரது தவறுகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பே.

இத்தாள் செய்யாதவையும் உண்டு. ஒரு மணித்தியாலத்தில் கள்வன் யாரென்று தெரியாது. அவன் எதையெல்லாம் வாசித்தான் என்றும் முழுதாகத் தெரியாது. பெட்டி திருடப்படாமல், ஒரு கணனியின் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுக் கப்பம் கேட்கப்படுமாயின் வேலை வேறு: அக்கணனியின் வலையிணைப்பைக் கழற்றிவிட வேண்டும், ஆனால் அதை அணைக்காமல், எதையும் அழிக்காமல், தெரிந்தவர் வரும்வரை விட வேண்டும். நேரக்குறிப்பும் தொலைபேசிப் பட்டியலும் அதிகாரமும் அங்கும் இவையே.

எமது தாள் இப்பொழுது பாடசாலை அலுவலகச் சுவரிலும், தலைவர், காரியதரிசி, பொருளாளர் ஆகியோரது வீடுகளிலும் உள்ளது, ஒரு பக்கமே. சென்ற நிர்வாகசபைக் கூட்டத்தின் முடிவில் காரியதரிசி திடீரென்று கேட்டார்: "இன்று சனிக்கிழமை, காலை பத்து மணி, கணனிப் பொறுப்பாளர் விமானத்தில் இருக்கிறார். உறை எங்கே?" தலைவர் தமது வீட்டிலென்றார். வீட்டுத் திறப்பு யாரிடம் என்ற அடுத்த கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அன்றிரவே உறையின் இரண்டாவது பிரதி ஒன்று, இன்னொரு பாதுகாப்புத் திறப்போடு, காரியதரிசியின் வீட்டுக்குச் சென்றது. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.